குடித்துவிட்டு இடித்தால் கூடுதல் நஷ்டஈடா?

தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் பக்கம் ஒரு விபத்து நடந்தால், ஆஸ்பத்திரி வாசலிலேயே பேச்சு கிளம்பிவிடும்: “ஓட்டுனவன் ஃபுல் போதைங்க. கேஸ் போட்டா டபுளா வாங்கிடலாம்.”

அப்படி எதுவும் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 168ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் தருவது நியாயமான இழப்பீடு, அதாவது அடிபட்டவர் இழந்ததன் அளவு. தப்பு யார் மேல் என்று காட்டப் போதை உதவும். அதற்கான தண்டனையோ கிரிமினல் கோர்ட்டின் வேலை. குற்றம் செய்தவரைத் தண்டிக்கவென்றே இழப்புக்கு மேல் விதிக்கும் தொகை தனி. வாகன விபத்து வழக்கில் அதை எதிர்பார்ப்பது வீண்.

“அமெரிக்காவில் கோடிக்கணக்கில் தருகிறார்களே” என்பார்கள். இங்கே அந்த வகை அபூர்வம். 1997இல் டெல்லி உபஹார் தியேட்டர் தீயில் 59 பேர் இறந்தார்கள். தியேட்டர் உரிமையாளர்களுக்கு உயர் நீதிமன்றம் விதித்த தண்டனைத் தொகை இரண்டரைக் கோடி. அதை 2011இல் உச்ச நீதிமன்றம் 25 லட்சமாகக் குறைத்தது. அந்தப் பணமும் குடும்பங்களுக்குப் போகவில்லை, விபத்து சிகிச்சை மையத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது.

நம் ஊர் ஆட்கள் உண்மையில் பணத்தை இழப்பது வேறு இடத்தில். “டாக்டர் போட்ட சதவீதம்தான் கணக்கு” என்று நம்பிவிடுகிறார்கள்.

பனியன் கம்பெனியில் தைக்கும் 32 வயது டெய்லர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 18,000 ரூபாய் வருமானம். ஆண்டுக்கு 2,16,000. நிரந்தர வேலை இல்லாத 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் 3,02,400. சரளா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணைப்படி இந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. மொத்தம் 48,38,400.

இவருக்கு வலது கணுக்கால் மடங்காமல் போய், டாக்டர் 20 சதவீத ஊனம் என்று எழுதினால் கிடைப்பது 9,67,680. ஆனால் பெடலை நாள் முழுக்க அந்தக் காலால்தானே மிதிக்கிறார்? உடலின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொழில் இழப்பு 50 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் தொகை 24,19,200 ஆகிவிடும். மருத்துவச் செலவு, வலிக்கான தொகை, படுத்திருந்த மாதங்களின் சம்பளம் எல்லாம் இதற்கு மேல்.

அதற்கு ஆதாரம் வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் கூலிச் சீட்டு, பேங்க் பாஸ்புக், இ.எஸ்.ஐ. பதிவு எல்லாவற்றையும் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் காலை வைத்து எவ்வளவு நேரம் பெடல் மிதிக்க முடியும் என்பதை டாக்டர் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், பெரும்பாலும் சான்றிதழில் உள்ள சதவீதத்தோடு கணக்கு முடிந்துவிடும்.