மெத்தை விளம்பரமும் நூறு இரவுகளும்

எங்கள் ஊர் மெத்தைக் கடைக்காரர் ஒருவர், பண்பலை வானொலிக்கு 30 வினாடி விளம்பரம் ஒன்று எழுதித் தருமாறு சென்ற கோடை விடுமுறையில் என்னைக் கேட்டார். ‘பி.எஸ்ஸி. படிக்கிறாயே, இரண்டு வரி எழுத மாட்டாயா?’ என்பது அவர் வாதம். நானும் துணிந்து எழுதினேன்: “நூறு இரவுகள் இலவசமாக உறங்குங்கள்! பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்!” எழுதியவுடன் எனக்கே பெருமை பிடிபடவில்லை. அந்த இரண்டு வரியிலும் எத்தனை ஓட்டைகள் இருந்தன என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

கடையில் இரண்டு நிமிடம் படுத்துப் பார்த்து மெத்தையைத் தேர்ந்துவிட முடியாது. பல ஆண்டுகளாகக் குழிந்துபோன பழைய மெத்தையிலோ பாயிலோ பழகிய உடலுக்குப் புதியது முதலில் ஒவ்வாமல் தோன்றும். புது நுரை மெத்தையும் சில வாரங்கள் உடல் எடையைத் தாங்கிய பிறகே சற்று இளகும். இதனால்தான் சோதனைக் காலம் என்ற முறை வந்தது. 2014 இல் நியூயார்க்கில் தொடங்கிய காஸ்பர் நிறுவனம் மெத்தையைச் சுருட்டிப் பெட்டியில் அனுப்பி, 100 இரவு அவகாசம் தந்தது. தொட்டுப் பார்க்காமலே வாங்குகிறவருக்கு வேறு என்ன உறுதி தர இயலும்?

இனி என் ஓட்டைகளைப் பார்ப்போம். முதலாவது ‘இலவசம்’. வாங்குகிறவர் முழுப் பணத்தையும் முன்பே கட்டிவிடுகிறார். அது திரும்பி வரலாம், அவ்வளவே. விளம்பரத்துக்கு மறுமொழி தரும் செலவும் பொருளைப் பெறும் செலவும் தவிர வேறு எதையேனும் கட்ட வேண்டியிருந்தால் ‘இலவசம்’ என்று சொல்லலாகாது என்று, தவறான விளம்பரங்களைத் தடுக்க மைய அரசின் ஆணையம் 2022 இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. அச்சொல்லை அடித்தேன்.

இரண்டாவது ஓட்டை பெரிது. என் அக்காள் வீட்டில் இப்படியொரு வாக்குறுதியை நம்பி வாங்கிய மெத்தையைத் திருப்ப முயன்றபோது, முதலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை வேண்டும் என்றார்கள். பிறகு வண்டிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். விளம்பரத்தில் இவை இரண்டும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படவில்லையெனில் 30 நாளுக்குள், திரும்ப ஏற்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது பொருளின் குறையன்று. அங்கே வாங்குகிறவருக்குத் துணை கடைக்காரரின் சொல் ஒன்றுதான். ஆகவே அந்தச் சொல் நாள் கணக்கு எப்போது தொடங்கும், யார் எடுத்துப்போவது, கூலி யாருடையது, பணம் எப்போது வரும், எந்த நிலையில் ஏற்கமாட்டார்கள் என்று விளம்பரத்திலேயே விடை சொல்ல வேண்டும்.

நிதானமாகப் படித்தால் 30 வினாடிக்குள் ஏறத்தாழ ஐம்பது சொற்களே எனக்கு அடங்கின. பல நாள் குறைத்துக் குறைத்து எழுதியது இது:

பெண்: புது மெத்தை எப்படி?
ஆண்: நேற்றுத்தானே வந்தது, அதற்குள் எப்படிச் சொல்வது?
குரல்: அவசரமில்லை. வீட்டுக்கு வந்த நாள் முதல் நூறு இரவு அவகாசம். முப்பது இரவாவது படுத்துப் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லையா? போன் செய்யுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். வண்டிக் கூலி எங்களுடையது. பதினைந்து நாளில் முழுப் பணமும் தருவோம். கறையோ கிழிசலோ இருந்தால் மட்டும் ஏற்க இயலாது. இவையெல்லாம் பில்லிலும் இருக்கும்.

கடைக்காரர் படித்துவிட்டு, “தம்பி, கறை சமாச்சாரத்தை ஏன் ரேடியோவில் சொல்கிறாய்? பில்லில் போட்டால் போதாதா?” என்றார். அக்காளுக்கு நேர்ந்தது அதுதான் என்றேன். அடுத்து, “எல்லோரும் திருப்பினால் நான் என்ன ஆவேன்?” என்றார். நியாயமான கேள்வி, திரும்பி வந்த மெத்தையைப் புதிது என்று மறுபடி விற்க முடியாதன்றோ? நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். 100 மெத்தை விற்று 6 திரும்புவதாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் கொள்முதல் விலை ரூ.5,000, வண்டிக் கூலி ரூ.600 நட்டம், ஆறுக்கும் ரூ.33,600. இதை நூறு மெத்தைக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு ரூ.336. பத்து திரும்பினால் அதுவே ரூ.560 ஆகும்.

அவர் வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்தார். எனக்கு உள்ளூர அச்சந்தான். கூலியை வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுவாரோ என்று.

“நூறை அறுபது ஆக்கு. கூலி நம்முடையதாகவே இருக்கட்டும். கறையையும் சொல்லிவிடு” என்றார்.

‘நூறு’ இருந்த இடத்தில் ‘அறுபது’ என்று எழுதிக் கொடுத்தேன்.