செல்போன் படத்தில் வந்த மாத விற்பனை: கணக்குப் பழகும் பிள்ளைகளுக்கு

கடைக் கணக்கைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகளே, விருதுநகர் மொத்தக் கடைகளில் கணக்கு எழுதியே வயதானவன் நான். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பிக்கு ஒரே மகள். அப்போது வெளியூரில் கல்லூரி முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். 2024 தீபாவளிக்கு ஊருக்கு வந்தவளிடம் அவள் அப்பா ஒரு வேலையைக் கொடுத்தார். கடைக் கம்ப்யூட்டரில் தெரிந்த அக்டோபர் மாத விற்பனைப் படங்களைச் செல்போனில் எடுத்து அனுப்பி, "பாப்பா, இதைப் பார்த்து நவம்பருக்கு எவ்வளவு சரக்குப் போடலாம்னு சொல்லு" என்றார். கடையில் பிரிண்டர் கிடையாது. போனை எடுத்துக்கொண்டு நேரே என் திண்ணைக்கு வந்துவிட்டாள். அன்று அவள் கற்றுக்கொண்டதை அதே வரிசையில் உங்களுக்கும் சொல்கிறேன். கணக்கு எளிதாக இருக்கச் சில்லறையை விட்டுவிடுகிறேன்.

1. கணக்கைப் பார்க்கும் முன் படத்தைப் பாருங்கள்.

அவள் முதலில் காட்டியது முதல் வாரத்தின் படம். "பெரியப்பா, 2ஆம் தேதியைவிட 3ஆம் தேதி வியாபாரம் ரெண்டு மடங்கு" என்றாள். கட்டங்களின் உயரத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. "அடியில என்ன எண் போட்டிருக்குன்னு பாரு தாயி" என்றேன். பெரிதாக்கிப் பார்த்தாள். அடிக்கோடு சுழியத்தில் தொடங்கவில்லை, 14,000இல் தொடங்கியிருந்தது. 2ஆம் தேதி விற்பனை 16,000, 3ஆம் தேதி 18,000. அடிக்கோட்டுக்கு மேலே ஒன்று இரண்டாயிரம் உயரம், இன்னொன்று நாலாயிரம் உயரம். கண்ணுக்கு இரட்டிப்பு, கணக்குக்கு எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். கட்டங்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இல்லாதபோது வித்தியாசம் தெரியட்டும் என்று சில பில்லிங் புரோகிராம்கள் அடிக்கோட்டைத் தானாகவே உயர்த்திவிடும். அடியில் இருக்கும் எண்ணைப் படிக்காமல் உயரத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

படம் எடுத்த விதத்தையும் கவனிக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் எடுத்திருந்தார் அவள் அப்பா. அப்படி எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டம் உயரமாகவும் தூரத்தில் இருப்பது குட்டையாகவும் விழும். டியூப்லைட் வெளிச்சம் பட்ட இடத்தில் 3 எது, 8 எது என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி எண்கள் மங்கிப்போகும். திரைக்கு நேரே நின்று எடுத்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஓரம் வெட்டுப்பட்டு முதல் தேதியோ கடைசித் தேதியோ விடுபட்டிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

2. கையால் எழுதிக் கூட்டுங்கள்.

திரைக்கு நேராக எடுத்த படம் மறுபடி வந்தது. ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் அன்றைய விற்பனை எண் இருந்தது. ஒரு நோட்டில் தேதி, கிழமை, தொகை, காரணம் என்று நாலு பத்தி போடச் சொன்னேன். 31 வரிகள். எழுதிக் கூட்டினால் 7,46,700 வந்தது. திரையின் மூலையில் இருந்த மொத்தம் 7,44,000. வித்தியாசம் 2,700.

உடனே முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்க்கப் போனாள். நிறுத்தினேன். பழைய கணக்குப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 2,700ஐ 9ஆல் வகுத்தால் 300. நூறாம் இடமும் ஆயிரமாம் இடமும் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 3 வித்தியாசம் என்று அர்த்தம். அவள் கூட்டல்தான் அதிகம், ஆகவே தவறாக எழுதிய எண்ணில் ஆயிரமாம் இலக்கம் நூறாம் இலக்கத்தைவிட 3 கூடுதலாக இருக்கும். விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். 17ஆம் தேதியில் நின்றது. அவள் எழுதியிருந்தது 19,600, படத்தில் இருந்தது 16,900.

இந்த வழி சந்தேகத்தைக் காட்டுமே தவிர சத்தியம் செய்யாது. 18,000 ரூபாய் விற்ற ஒரு நாளையே எழுதாமல் விட்டாலும் வித்தியாசம் 9ஆல் வகுபடும். 3ஐ 8 என்று படித்திருந்தால் வித்தியாசம் 50, 500, 5,000 என்று 5இல் தொடங்கும். 1ஐ 7 என்று படித்திருந்தால் 6இல் தொடங்கும். மங்கலான படத்தில் இந்த இரண்டும்தான் அடிக்கடி வரும்.

3. சராசரிக்குள் எந்தெந்த நாள் இருக்கிறது என்று கேளுங்கள்.

படத்தின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு ஓடியது. சராசரி 24,000. "அப்ப ஒரு நாளைக்கு 24,000 விக்கிற கடை இது. நவம்பர் 30 நாளுக்கு 7,20,000. அவ்வளவுக்குச் சரக்குப் போட்டா சரியா?" என்றாள்.

"அந்தக் கோட்டைத் தாண்டி எத்தனை கட்டம் நிக்குது?" என்று கேட்டேன். எண்ணினாள். ஐந்து. மற்ற 26 நாளும் கோட்டுக்குக் கீழே. ஒரு நாள்கூடச் சரியாக 24,000 விற்கவில்லை. யாருக்கும் பொருந்தாத சட்டையை எல்லோருடைய அளவு என்று சொன்னதுபோல இருந்தது அந்த எண்.

அந்த ஐந்து நாள்கள் எவை? 10ஆம் தேதி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பொரி கடலை வியாபாரம், 34,000. பிறகு 27 முதல் 30 வரை தீபாவளிச் சரக்கு: 46,000, 58,000, 74,000, 82,000. இந்த ஐந்து நாளில் மட்டும் 2,94,000. மாதத்து விற்பனையில் ஐந்தில் இரண்டு பங்கு. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் 4,50,000. 31ஆம் தேதி தீபாவளி, கட்டமே இல்லை. ஆக மிச்சம் 25 நாள். 4,50,000ஐ 25ஆல் வகுத்தால் 18,000. கடையின் சாதாரண நாள் அதுதான்.

நடு எண்ணை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம். 31 தொகைகளையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, சரியாக நடுவில் நிற்கும் 16ஆவதை எடுத்துப் பாருங்கள். அவளுக்கு 17,800 வந்தது. சராசரியும் நடு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மாதம் ஓரளவு சீராகப் போயிருக்கிறது. 24,000க்கும் 17,800க்கும் இருப்பதுபோல இடைவெளி விழுந்தால், சில நாள்கள் சராசரியைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன.

கட்டமே இல்லாத நாளைக் கண்டால் காரணம் கேளுங்கள். கடை மூடியிருந்ததா, கரண்ட் போய்க் கைப் பில் போட்டார்களா என்பது படத்துக்குத் தெரியாது. இங்கே கடை மூடியிருந்தது. அப்படியானால் 31ஆல் வகுப்பதா, 30ஆல் வகுப்பதா? வாடகையும் சம்பளமும் மூடிய நாளுக்கும் உண்டு, அந்தக் கணக்குக்கு 31. கடை திறந்தால் எவ்வளவு ஓடும் என்று பார்க்க 30. என்ன கேள்விக்காக வகுக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு வகுங்கள்.

18,000 என்ற எண்ணை அவள் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்று சொன்னார், அது படத்தில் இல்லாதது: "அந்த 25 நாள்ல மாசக் கடைசியே இல்லையே பாப்பா. சாதாரண மாசத்துல கடைசி அஞ்சு நாள் பதினஞ்சைத் தாண்டாது." சம்பளம் தீர்ந்துபோகும் அந்த நாள்களை அக்டோபரில் தீபாவளி மூடிவிட்டது. கணக்கு மறுபடி போட்டாள். 25 நாள் 18,000 வீதம் 4,50,000. ஐந்து நாள் 15,000 வீதம் 75,000. மொத்தம் 5,25,000. முதலில் சொன்ன 7,20,000க்கு இது 1,95,000 குறைவு. தீபாவளி முடிந்த வீடுகளில் மைதா, சர்க்கரை, எண்ணெய் மிச்சம் இருக்கும். கூடுதலாக வாங்கிப் போட்ட ரவையிலும் மைதாவிலும் நவம்பர் ஈரத்தில் வண்டு விழும்.

4. சராசரிகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

இன்னொரு படத்தில் ஒரு பில்லுக்குச் சராசரி எவ்வளவு என்று தேதிவாரியாக இருந்தது. 22ஆம் தேதி 150 ரூபாய், 30ஆம் தேதி 250 ரூபாய். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 200 என்று எழுதினாள். 22ஆம் தேதி 120 பில், 18,000 ரூபாய். 30ஆம் தேதி 328 பில், 82,000 ரூபாய். இரண்டு நாளும் சேர்த்து 448 பில், 1,00,000 ரூபாய். வகுத்தால் 223. அதிகம் பேர் வந்த நாளுக்கு அதிக எடை உண்டு, 200 என்று போட்டபோது அந்த எடை காணாமல் போய்விட்டது. எப்போதும் மொத்த ரூபாயை மொத்தப் பில்லால் வகுங்கள்.

இதே படத்தில் இன்னொரு பயனும் உண்டு. விற்பனை ஏறினால் ஆள் கூடினார்களா, ஒவ்வொருவரும் வாங்கியது கூடியதா என்று பிரித்துப் பார்க்கலாம். ஆள் கூடினால் பொட்டலம் கட்ட இன்னொரு கை வேண்டும். வாங்கியது கூடினால் சரக்கு வேண்டும். தீபாவளிக்கு இரண்டுமே கூடின.

5. பில் போட்டது எல்லாம் பணம் இல்லை.

கட்டத்தில் கடன் நோட்டுக்குப் போனதும் சேர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே அந்த நோட்டையும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

6. மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும் முன் காலண்டரைப் பாருங்கள்.

செப்டம்பரோடு ஒப்பிடலாமா என்று கேட்டாள். 2024 செப்டம்பரில் ஐந்து ஞாயிறு, அக்டோபரில் நாலுதான். அவள் கடையில் ஞாயிறு 23,000 ஓடும், மற்ற நாள் பதினேழாயிரத்துச் சொச்சம். ஒரு ஞாயிறு குறைந்தாலே மாத மொத்தம் ஆடும். ஆகவே ஞாயிறை ஞாயிறோடும், மாத முதல் வாரத்தை முதல் வாரத்தோடும் வைத்துப் பாருங்கள்.

முந்தின வருஷ அக்டோபரோடு ஒப்பிடுவது இன்னும் ஏமாற்றும். 2023இல் தீபாவளி நவம்பர் 12. அந்த அக்டோபரில் தீபாவளிக் கூட்டமே கிடையாது. அதோடு ஒப்பிட்டால் 2024 அக்டோபர் எகிறிக் குதித்ததுபோலவும், அடுத்த மாதம் நவம்பர் விழுந்துவிட்டதுபோலவும் தெரியும். கடை வளர்ந்ததா என்று அறிய வேண்டுமானால் இரண்டு வருஷத்திலும் அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்துக் கூட்டி ஒப்பிடுங்கள். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அப்போதும் இதே இரண்டு மாதக் கணக்குதான் கைகொடுக்கும்.

அதற்கு உங்களுக்கு வேண்டியது நோட்டில் காரணம் என்று போட்ட அந்த நாலாவது பத்தி. ஆயுத பூஜை, கடை அடைப்பு, கரண்ட் இல்லை, மழை, ஊர்த் திருவிழா என்று அன்றன்றைக்கே ஒரு சொல் எழுதி வையுங்கள். விற்றது எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். ஏன் விற்றது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.