"கட்டணம் இல்லை" என்றொரு பலகை

கடந்த நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு சிறு மனவருத்தம் ஏற்பட்டது. வாப்பாவும் சாச்சாவும் சவூதியில் தம்மாம் நகரில் வேலை செய்கிறார்கள். பெருநாள் செலவுக்கும் வீட்டுக் கூரைத் திருத்தத்துக்குமென்று இருவரும் ஒரே நாளில், ஆளுக்கு 3,000 ரியால் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். சாச்சியின் கணக்குக்கு வந்த தொகையைவிட உம்மாவின் கணக்குக்கு வந்தது ஏறக்குறைய 1,500 ரூபாய் குறைவு. "மூவாயிரமும் அனுப்பினீங்களா?" என்று உம்மா தொலைபேசியில் கேட்டுவிட்டார். வாப்பாவுக்கு அந்தக் கேள்வி சுட்டது. அன்றிரவே பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் 3,000 என்றுதான் இருந்தது. அனுப்புக் கட்டணம் என்ற இடத்தில் பூச்சியம்.

நான் உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். சாச்சாவின் பற்றுச்சீட்டையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். அன்று விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன். கணக்கு இலகுவாக இருப்பதற்காக எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும்போது இரண்டு இடங்களில் செலவு ஏற்படுகிறது. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் அனுப்புக் கட்டணம். மற்றது, நாணய மாற்று விலைக்குள் ஒளிந்திருக்கும் இலாபம். சந்தையில் ஒரு ரியால் 80 ரூபாய்க்குப் போகும்போது, அனுப்பும் நிறுவனம் நமக்கு 78.40 ரூபாய் கணக்கிட்டுத் தந்தால், ஒவ்வொரு ரியாலிலும் 1.60 ரூபாய் அதற்கு மிச்சம். இது பற்றுச்சீட்டில் செலவு என்று எழுதப்படுவதில்லை. "இன்றைய விலை" என்றுதான் இருக்கும்.

அப்படியானால் சந்தை விலை 80 என்று மாத்தளையில் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? இதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது. சவூதி ரியாலின் பெறுமதி 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்று நிலையாக வைக்கப்பட்டுள்ளது. கட்டார் ரியால் 3.64, அமீரக திர்ஹம் 3.6725. ஆகவே இலங்கை மத்திய வங்கி வேலை நாட்களில் வெளியிடும் டொலரின் விலையை எடுத்து, அந்த எண்ணால் பிரித்தால் போதும். டொலர் 300 ரூபாய் என்றால், 300 ஐ 3.75 ஆல் பிரிக்க, ஒரு சவூதி ரியால் 80 ரூபாய். குவைத் தினாருக்கு மட்டும் இந்த வழி சரிவராது. அது டொலரோடு மட்டுமன்றிப் பல நாணயங்களோடு இணைக்கப்பட்டது.

இனி இரண்டு பற்றுச்சீட்டுகளுக்கு வருவோம். சாச்சா அனுப்பிய இடத்தில் கட்டணம் 20 ரியால். சவூதியில் கட்டணத்தின் மீது 15 வீத வரியும் உண்டு என்பதால் மொத்தம் 23 ரியால். ஆனால் ஒரு ரியாலுக்கு 79.50 ரூபாய் கொடுத்தார்கள். வாப்பா அனுப்பிய இடத்தில் கட்டணமே இல்லை. ஒரு ரியாலுக்கு 78.40 ரூபாய்.

சாச்சாவின் 3,000 ரியாலில் 23 போக மீதி 2,977. அதை 79.50 ஆல் பெருக்க 236,671.50 ரூபாய். வாப்பாவின் 3,000 ரியாலையும் 78.40 ஆல் பெருக்க 235,200 ரூபாய். வித்தியாசம் 1,471.50 ரூபாய். உம்மா தேடிய காசு இதுதான். யாரும் எடுக்கவில்லை, கட்டணமில்லாத இடத்தின் விலைக்குள் அது போய்விட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் "சாச்சா அனுப்பிய இடமே நல்லது" என்று முடிவெடுத்திருப்பேன். அது பாதிப் பிழை. வாப்பா மற்ற மாதங்களில் அனுப்புவது 1,500 ரியால். அந்தத் தொகைக்கும் கணக்குப் பார்த்தேன். சாச்சாவின் இடத்தில் 1,477 ஐ 79.50 ஆல் பெருக்க 117,421.50 ரூபாய். வாப்பாவின் இடத்தில் 117,600 ரூபாய். இங்கே வாப்பாவின் இடம் 178.50 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. 500 ரியால் மட்டும் அனுப்பினால் அந்த இடம் 1,278.50 ரூபாய் கூடுதலாகத் தரும்.

காரணம் எளிது. கட்டணம் தொகை எவ்வளவானாலும் மாறாது. விலைக்குள் இருக்கும் இலாபமோ ஒவ்வொரு ரியாலோடும் வளரும். எனவே சிறிய தொகைக்குக் கட்டணம் சுமை. பெரிய தொகைக்கு விலை வித்தியாசம் சுமை. இரண்டும் சமமாகும் தொகையையும் கண்டுபிடிக்கலாம். கட்டணமான 23 ரியாலை 79.50 ஆல் பெருக்கினால் 1,828.50. அதை இரு விலைகளின் வித்தியாசமான 1.10 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 1,662. அன்றைய விலைகளின்படி 1,662 ரியாலுக்குக் குறைவாக அனுப்புபவருக்கு வாப்பாவின் இடம், அதற்கு மேல் அனுப்புபவருக்குச் சாச்சாவின் இடம். விலைகள் மாறினால் இந்த எல்லையும் மாறும்.

உலக வங்கியும் காசு அனுப்பும் செலவை ஒப்பிடும்போது கட்டணத்தையும் விலை வித்தியாசத்தையும் கூட்டியே வீதமாகச் சொல்கிறது. 2030 இற்குள் இந்தச் செலவு 3 வீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்குகளில் ஒன்று. எங்கள் கணக்கில் 3,000 ரியாலின் முழுப் பெறுமதி 240,000 ரூபாய். வாப்பாவுக்கு ஏற்பட்ட செலவு 4,800 ரூபாய், அதாவது 2 வீதம். சாச்சாவுக்கு 3,328.50 ரூபாய், ஏறக்குறைய 1.4 வீதம்.

ஒப்பிடும்போது நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதலில் நம் ஊர் வங்கிப் பலகையில் இருந்த விற்கும் விலையைப் பார்த்து, இரண்டு நிறுவனங்களுமே மிக அதிகமாக எடுத்துவிட்டன என்று நினைத்தேன். விற்கும் விலை, நாம் வெளிநாட்டு நாணயம் வாங்கப் போனால் கொடுக்கும் விலை. காசு வரும்போது பொருந்துவது வாங்கும் விலை. அதுபோல நேற்றைய விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிடக் கூடாது. 2022 மார்ச் 7 ஆம் திகதிவரை 200 ரூபாயளவில் வைக்கப்பட்டிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயையும் தாண்டியது. அப்படியான நாட்களில் ஒரு நாள் தாமதமே எல்லாக் கட்டணத்தையும் விழுங்கிவிடும்.

அந்தக் காலத்தில் வெளியே கூடுதல் விலை கிடைத்ததால் பலர் உண்டியலில் அனுப்பினார்கள். 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வங்கி வழி வருமானம் 2022 இல் 3.8 பில்லியனாகக் குறைந்தது. உண்டியலில் விலை கூட; ஆனால் பற்றுச்சீட்டு இல்லை. காசு வராவிட்டால் எங்கள் வீட்டில் நடந்ததுபோல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

இப்போது வாப்பா அனுப்பும் முன் இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "என் கையில் இத்தனை ரியால் இருக்கிறது. எல்லாம் போக வீட்டுக்கு எத்தனை ரூபாய் சேரும்?" கட்டணம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பதில்லை. வரும் பதிலை எனக்கு அனுப்புவார். நான் டொலர் விலையை 3.75 ஆல் பிரித்துப் பார்த்துச் சொல்வேன். உம்மா பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறார். அந்தக் கேள்வியை அவர் வாப்பாவிடம் மறுபடி கேட்கவில்லை.