கால் அவுன்ஸ் கிஜாங்கும் எட்டு கிராம் பவுனும்

கோலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் சேமிப்பு என்றால் இன்றும் பவுன்தான். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய் நகைக்கடையில் காசு வாங்குவார்கள். பேங்க் நெகாரா வெளியிடும் தங்கக் காசைப் பற்றிக் கேட்டால், அரைகுறையாகக் கேள்விப்பட்ட நான்கு செய்திகள் வரும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: நகைக்கடைப் பவுன் எட்டு கிராம், அரசாங்கக் காசு எட்டுகூட இல்லை. அதனால் பவுனில்தான் தங்கம் அதிகம்.

2001இல் பேங்க் நெகாரா கிஜாங் எமாஸ் காசை வெளியிட்டது. ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என மூன்று அளவு. தூய்மை 999.9. கால் அவுன்ஸின் எடை 7.776 கிராம், அத்தனையும் தங்கம் என்றே சொல்லலாம். நகைக்கடையின் எட்டு கிராம் காசு பெரும்பாலும் 916. அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்குதான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். எட்டை 0.916ஆல் பெருக்கினால் 7.328 கிராம். தராசில் இலேசான காசில்தான் ஏறக்குறைய 0.45 கிராம் தங்கம் கூடுதல். கணக்குக்காகச் சுத்தத் தங்கம் கிராம் 500 ரிங்கிட் என்று வைத்தால், வித்தியாசம் 220 ரிங்கிட்டுக்கு மேல். ஆகவே விலையை ஒப்பிடும்போது எடையால் வகுக்காதீர்கள், உள்ளிருக்கும் தங்கத்தால் வகுங்கள். நகைக்கடைகளிலும் 999 காசு உண்டு. எந்த எண் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். அதே எண் ரசீதிலும் இருக்க வேண்டும். கிஜாங் எமாஸின் தூய்மைக்கு அதை வெளியிட்ட மத்திய வங்கியின் பெயர் நிற்கிறது. நகைக்கடைக் காசுக்கு அந்தக் கடையின் பெயர் மட்டும்தான். நல்ல கடை என்றால் அதுவும் போதும், ஆனால் அந்தக் கடையைத் தாண்டினால் ரசீதுதான் பேசும்.

நம்பிக்கை: அரசாங்கமே அடித்த காசு, போட்ட பணம் அப்படியே திரும்பும்.

இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஒரு அவுன்ஸ் காசில் 200 ரிங்கிட் என்று பொறித்திருப்பது வெறும் முகமதிப்பு. நீங்கள் கொடுப்பதும் வாங்குவதும் உலகத் தங்க விலையை ஒட்டியது. பேங்க் நெகாரா தன் இணையதளத்தில் விற்கும் விலை, வாங்கும் விலை என இரண்டையும் வெளியிடுகிறது. இன்று வாங்கி இன்றே திருப்பினால் அந்த இடைவெளி உங்கள் நஷ்டம். காசு சிறிதாக ஆக, இடைவெளி பெரிதாகும். நான்கு கால் அவுன்ஸ் வாங்க, ஒரே ஒரு அவுன்ஸ் காசை விட அதிகம் கொடுக்க வேண்டும். திருப்பும்போது கிடைப்பது ஏறக்குறைய ஒன்றேதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பவருக்குத்தான் இந்தச் சுமை என்பது வருத்தமான உண்மை. ஆனாலும் இரண்டு விலையும் வெளிப்படையாக இருக்கிறது, வாங்குமுன்பே கணக்குப் போடலாம். இன்னொன்று, இந்தக் காசை விற்பது மேபேங்க், ஆனால் அதன் எல்லாக் கிளைகளிலும் கிடைக்காது. தஞ்சோங் காராங்கிலிருந்து பஸ் ஏறுமுன் கிளைக்குப் போன் செய்து கேளுங்கள்.

நகைக்கடையில் இரண்டாவது விலையைப் பலகையில் எழுதி வைப்பது குறைவு. திருப்பும்போது, மாற்றாக நகை எடுத்தால் ஒரு விலை, ரொக்கம் கேட்டால் அதைவிடக் குறைந்த விலை என்பது வழக்கம். செய்கூலி திரும்பவே திரும்பாது. இன்னொரு கடையின் காசு என்றால் உரசிப் பார்த்து, சில சமயம் உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

நம்பிக்கை: சீல் வைத்த அட்டையில் இருந்தால் அசல்.

அட்டையை அச்சடிப்பவன் போலி அட்டையும் அச்சடிப்பான். உறையின் வேலை காசைக் கீறலிலிருந்து காப்பதும், திருப்பும்போது கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதும்தான். அதற்காகவே உறையைப் பிரிக்காதீர்கள், காசுக்குக் காது வைத்துச் சங்கிலியில் கோக்காதீர்கள். காது ஒட்டிய காசு கடைக்காரர் கண்ணில் நகை, விலையும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் எடையோடு விட்டமும் தடிமனும் அளந்து பார்க்கலாம். செம்பு, வெள்ளி கலந்த போலி, அதே எடைக்குத் தங்கத்தை விடத் தடிமனாக இருக்கும். டங்ஸ்டன் உள்ளே வைத்த போலி மட்டும் இதில் தப்பும், அதன் அடர்த்தி தங்கத்துக்கு மிக அருகில் இருப்பதால். மேல்பரப்பை மட்டும் படிக்கும் எக்ஸ்-ரே கருவியும் அதைத் தவறவிடக்கூடும்.

நம்பிக்கை: திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

2012 அக்டோபரில் பேங்க் நெகாராவும் மற்ற அமைப்புகளும் ஜெனீவா மலேசியா நிறுவனத்தில் சோதனை நடத்தின. அங்கே தங்கத்தைச் சந்தை விலைக்கு மேல் விற்று, மாதாமாதம் ஒரு தொகையும் கொடுத்து, திரும்ப வாங்கவும் வாக்களித்திருந்தார்கள். கையில் தங்கத்தை வைத்திருந்தவர்களுக்கும் மிஞ்சியது அதன் சந்தை விலைதான். மேலே கொடுத்தது போயிற்று. எனவே எழுதிக் கொடுத்த தாளில் மூன்றைத் தேடுங்கள்: அன்றைய விலையிலிருந்து எத்தனை விழுக்காடு கழிப்பார்கள், ரொக்கமா மாற்றா, உறை பிரிந்தால் என்ன கழிவு. இந்த மூன்றும் இல்லாமல் மாத வருமானம் மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தங்கத்தை வாங்காதீர்கள்.