விலைப்புள்ளி கேட்டோம்

ஜெஞ்சாரோமில் எங்கள் இளைஞர் மன்றத்திற்கு 40 நாற்காலிகள் தேவைப்பட்டன. ‘நாற்காலி என்ன விலை?’ என்று நான்கு கடைகளைக் கேட்டோம். ஒருவர் கைப்பிடி இல்லாத நாற்காலிக்கு விலை சொன்னார். இன்னொருவர் லாரிச் செலவைச் சேர்க்கவில்லை. எது மலிவு என்றே தெரியவில்லை.

மறுமுறை நால்வருக்கும் ஒரே கடிதம் அனுப்பினோம். கைப்பிடியுள்ள வெள்ளை நெகிழி நாற்காலி 40 வேண்டும். ஒவ்வொன்றும் 120 கிலோ தாங்க வேண்டும். மண்டபத்தில் இறக்கித் தரும் செலவையும் சேர்த்து மொத்த விலையை எழுதி, வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மூடிய உறையில் தரவேண்டும் என்று குறிப்பிட்டோம்.

மூன்று உறைகள் வந்தன. 5 மணிக்குப் பிறகே அவற்றைப் பிரித்தோம். நான்காவது உறை திங்களன்று வந்தது; விலையும் குறைவு. செயலாளர் அதை ஏற்கவில்லை. மற்றவர்களின் விலை அதற்குள் வெளியே கசிந்திருக்கலாம் அல்லவா? நாற்காலிக்கு 2 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தே வாங்கினோம்.