ஏழாவது அடி: சைவத் திருமணத்தில் தோழமை

எமது திருமணங்களிலே தாலி கட்டும் நேரத்தில் மண்டபமே எழுந்து நிற்கும். கெட்டிமேளம் முழங்கும், அட்சதை பறக்கும். அது முடிந்ததும் பாதிப்பேர் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அதன் பின் மணவறையில் நடப்பவற்றைக் கவனிப்பவர்கள் பெற்றோரும் வீடியோக்காரருமே. ஆனால் கணவன் மனைவி என்ற உறவு எத்தகையது என்பதைக் கிரியைகள் சொல்வது பெரும்பாலும் அந்த நேரத்திலேதான்.

அவற்றுள் முக்கியமானது ஏழடி எடுத்துவைத்தல். சப்தபதி என்பதும் இதுவே. மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பற்றி, அக்கினியின் அருகே ஏழு அடிகள் நடத்திச் செல்கிறார். அடிக்கு ஒரு வேண்டுதல் உண்டு. இவை நூலுக்கு நூல் சிறிது மாறும். ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தில் முதலடி உணவுக்கு, இரண்டாவது வலிமைக்கு, மூன்றாவது செல்வ வளர்ச்சிக்கு, நான்காவது சுகத்துக்கு, ஐந்தாவது பிள்ளைகளுக்கு, ஆறாவது பருவகாலங்களுக்கு. கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்த வரிசை என் கண்ணில் பட்டது. காசு மூன்றாம் இடத்தில்தான் வருகிறது. முதலில் சோறு, பிறகு உழைக்கத் தெம்பு, அதற்குப் பிறகே சேமிப்பு.

ஏழாவது அடியில் எதையும் கேட்பதில்லை. மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து, ஏழடி நடந்தவளாகிய நீ எனக்குச் சகாவாகு என்கிறார். சகா என்றால் தோழன், தோழி. நாம் இன்றும் தமிழில் வழங்கும் சொல்தான். அதிகாரமும் கீழ்ப்படிதலும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. ஏழடி சேர்ந்து நடந்தவர்கள் நண்பர்கள் என்பது திருமணத்துக்கு வெளியிலும் இருந்த பழைய எண்ணம். பாணினியின் இலக்கணத்திலே 'ஏழடியால் வருவது' என்ற பொருளுடைய சொல்லே நட்புக்குப் பெயராக வருகிறது. மகாபாரதத்தில் சத்தியவானின் உயிரைக் கொண்டுபோகும் யமனைப் பின்தொடரும் சாவித்திரியும் இதைத்தான் வாதமாக வைக்கிறாள். உம்மோடு ஏழடி நடந்துவிட்டேன், ஆகவே நாம் நண்பர்கள், நான் சொல்வதைக் கேளும் என்கிறாள். யமனும் கேட்கிறான்.

இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும், சப்தபதி சேர்ந்த திருமணம் ஏழாவது அடி வைக்கும்போதுதான் முழுமையடைகிறது என்கிறது. தாலியைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. இவ்வளவு பொருளுள்ள இக்கிரியை எமது மண்டபங்களில் ஒரு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. சென்ற வருடம் நான் போன ஒரு கலியாணத்தில், இங்கே பிறந்த பெண்பிள்ளை ஒருத்தி குருக்களிடம் முன்கூட்டியே கேட்டு, அடிக்கு அடி நிறுத்தித் தமிழில் பொருள் சொல்ல வைத்தாள். ஐந்து நிமிடம் கூடுதலாகியது. முகூர்த்தம் தாலி கட்டுவதற்கே பார்க்கப்படுவதால் அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

அடுத்தது அம்மி மிதித்தல். மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைத் தன் கையால் எடுத்து அம்மியின்மேல் வைத்து மெட்டி அணிவிக்கிறார். அகலிகை கல்லானதை நினைவூட்டவே இது என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். மந்திரத்தில் அகலிகை இல்லை. இந்தக் கல்லைப்போல் உறுதியாயிரு என்பதே அதன் பொருள். உறுதி பெண்ணிடம் மட்டும் கேட்கப்படுவது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. ஆனாலும் சபை நடுவே மாப்பிள்ளை குனிந்து அவள் காலைத் தொடுவதையும் கவனிக்கவேண்டும்.

பிறகு அருந்ததி காட்டல். பகல் பதினொரு மணிக்கு, மின்விசிறி சுழலும் கூரையைக் குருக்கள் காட்டுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அது இராக்காலத் திருமணத்துக்குரிய கிரியை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தீவலம் வரும்போதும் அருந்ததிக்கு ஒப்பாகவே சொல்லப்படுகிறாள். வசிட்டருக்கு அருகே அருந்ததி நிற்பதுதான் இங்கே உவமை. ஏழு முனிவர்களுள் வசிட்டர் பக்கத்தில்தான் துணைவி நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிகிறது.

உண்மையாகவே பார்க்க விரும்புகிறவர்கள் மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் சப்தரிஷி மண்டலம் வருடத்தில் சில மாதங்களே முன்னிரவில் தெரியும். லண்டனில் அது அஸ்தமிப்பதே இல்லை. முகில் இல்லாத எந்த இரவிலும் வடக்கே பாருங்கள். அகப்பை போன்ற அந்த ஏழு நட்சத்திரங்களில், கைப்பிடியின் நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு புள்ளி தெரியும், அதுவே அருந்ததி. தெருவிளக்கு வெளிச்சம் கண்ணில் படாத இடமாக நின்று, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் பொறுங்கள். மெல்பேணில் உள்ள உறவினருக்கு மட்டும் இந்த வாய்ப்பு இல்லை. அங்கே அது அடிவானத்துக்கு மேலே வருவதில்லை.