ஐப்பசி மழைக்கு முன்: தறிக்கூட ஈரமானியின் திரியை மாற்றுங்கள்

மம்சாபுரத்துக்கு ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வருவது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிற காற்று அது. அந்த மாதங்களில் பாவு நூல் காய்ந்து அறுபடும் என்று தறிக்காரர்களுக்குத் தெரியும், தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கவலை விட்டது என்று தெளிப்பை நிறுத்திவிடுவார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான். மழை விட்ட மறுநாள் நண்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், கூடம் காய்ந்துபோகும், பாவு அறுபடும். சுவரில் தொங்கும் ஈரமானியோ தொண்ணூறு, நூறு என்று காட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலம்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பழி நூலின் மேலும் கஞ்சியின் மேலும் விழும்.

கருவி பொய் சொல்வதற்குக் காரணம் அநேகமாக ஒரு விரல் நீளத் துணித் திரிதான்.

இந்த வட்டார ஆலைகளிலும் தறிக்கூடங்களிலும் நெடுநாளாகப் பழக்கத்தில் இருப்பது இரண்டு வெப்பமானிகள் கொண்ட ஈரமானி. ஒன்று சும்மா இருக்கும், அது ட்ரை பல்ப். மற்றதன் குமிழைச் சுற்றி மெல்லிய துணி, அதன் முனை தண்ணீர்க் குப்பியில், அது வெட் பல்ப். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழ் குளிர்கிறது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்து ஈரப்பதம் சொல்கிறோம். துணி அழுக்கானாலோ, ஆழ்குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து விறைத்தாலோ, பஞ்சுத் தூசி அப்பினாலோ நீர் சரியாக ஏறாது. குமிழ் குளிராது. வித்தியாசம் குறையும், ஈரம் அதிகம் என்று கணக்கு வரும். திரி முழுக்கக் காய்ந்துவிட்டால் இரண்டு வெப்பமானியும் ஒரே அளவைக் காட்டும், அட்டவணை நூறு சதவீதம் என்னும்.

திரி கெட்டால் ஈரமானி எப்போதும் கூடுதலாகவே காட்டும், குறைத்துக் காட்டாது. கோடைக்காலத்தில் நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் எழுபது காட்டினால் எவருக்கும் உறைக்கும். மழைக்காலத்தில் உறைக்காது. அதனால்தான் இந்த எச்சரிக்கை இப்போது.

ஒரு கணக்கு. கூடத்தில் ட்ரை பல்ப் 30 டிகிரி செல்சியஸ், நல்ல திரியோடு வெட் பல்ப் 26. ஈரப்பதம் ஏறத்தாழ 73 சதவீதம். கஞ்சி போட்ட பருத்திப் பாவுக்கு 75 முதல் 80 வரை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் தெளிக்க வேண்டிய நேரம் இது. அதே கூடத்தில் சுண்ணாம்பேறிய திரியால் வெட் பல்ப் ஒன்றரை டிகிரி ஏறி 27.5 காட்டினால் கணக்கு 82 சதவீதத்தைத் தாண்டிவிடும். தெளிப்பை நிறுத்து என்று பொருள். இந்த வெப்பநிலையில் வெட் பல்பில் ஒரு டிகிரி தவறினால் ஈரப்பதத்தில் ஆறு, ஏழு புள்ளி தவறும். கஞ்சி உதிர்ந்து பாவு அறுவதற்கு அது தாராளம்.

செய்ய வேண்டியது இது. பழைய திரியைக் கழற்றி எறியுங்கள், துவைத்துத் திரும்பக் கட்டாதீர்கள். கட்டுவதற்கு முன், இரண்டு குமிழும் காய்ந்த நிலையில் கால்மணி நேரம் விட்டு இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் திரியை மாற்றிப் பயனில்லை, வெப்பமானியையே மாற்ற வேண்டும். புதுத் துணியாக, வெளுத்த பேண்டேஜ் துணியில் ஒரு கையகலம் போதும். சத்திரப்பட்டி பக்கம் தறி தறியாக நெய்வதுதான், கடைக்குப் போக வேண்டியதில்லை. தறியிலிருந்து இறங்கிய துணியை மட்டும் அப்படியே கட்டக் கூடாது, அதில் கஞ்சி இருக்கும், நீரை உறிஞ்சாது. கொதிக்க வைத்து அலசுங்கள். ஒரே சுற்று, இறுக்கமாக. குப்பியில் மழைத் தண்ணீர் அல்லது பேட்டரிக் கடையில் விற்கும் வாலை வடிநீர். குழாய்த் தண்ணீர் கூடாது. மறுபடியும்: குழாய்த் தண்ணீர் கூடாது. கூரையிலிருந்து மழை ஊற்றிக்கொண்டிருக்கும் மாதத்தில் இதற்குக் கூடவா சோம்பல்?

திரி வேலை செய்கிறதா என்பதை அறிய ஒரு விசிறி மட்டை போதும். வெட் பல்பை அரை நிமிடம் விசிறுங்கள். நன்கு நனைந்த திரியானால் அளவு சற்று இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். துளியும் அசையாமல் ட்ரை பல்பை ஒட்டியே நின்றால், வெளியே மழை கொட்டினாலொழிய திரியை நம்பாதீர்கள். பெரிய ஆலைகளில் கையால் சுழற்றும் சைக்ரோமீட்டர் இருக்கும். அரை நிமிடம் சுழற்றி, நிறுத்தியதும் வெட் பல்பை முதலில் வாசித்து, தொங்கும் ஈரமானியோடு ஒப்பிட்டால் இன்னும் உறுதி.

இடம் தேர்வது பழைய கதை. தொழிற்சாலைச் சட்டம் 1948-ஐ ஒட்டிப் பருத்தி ஆலைகளுக்காக எழுதிய விதிகளிலேயே இருக்கிறது. வெப்பமானியின் உச்சி தரையிலிருந்து ஐந்தரை அடிக்கு மேல் போகக் கூடாது. மின்விசிறி, ஜன்னல், காற்றுப் போக்கியின் நேர்க்காற்றில் வைக்கக் கூடாது. சுவரிலோ தூணிலோ மாட்டினால் இடையில் அரை அங்குலக் கனத்தில் மரப்பலகை, பலகைக்கும் குமிழுக்கும் ஒரு அங்குல இடைவெளி. இரண்டு குமிழுக்கும் நடுவே மூன்று அங்குலம்.

பலகை ஏன் என்று கேட்பவர் ஐப்பசியில் ஊறிய சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். குளிர்ந்த சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் கூடும். மோட்டார் பக்கம் நேர்மாறு. கூடத்தில் 28 டிகிரியில் 80 சதவீதம் ஈரம் இருக்கும்போது, மோட்டார் சூட்டில் 31 டிகிரியாக இருக்கும் மூலையில் மாட்டிய கருவி 67 காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, அந்த மூலையின் உண்மையைத்தான் சொல்கிறது. தறிகளின் நடுவில், பாவு ஓடும் உயரத்தில் கருவி இருந்தால்தான் பாவு பட்ட பாடு தெரியும்.

சில நூறு ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் மீட்டர் வாங்கியவர்கள் திரிக் கவலை இல்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அதையும் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடியில் சமையல் உப்பு, சில சொட்டுத் தண்ணீர், ஈர மணல் போல ஆனால் போதும், உப்பு கரைந்து ஓடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு இரவு முழுக்க, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலையில் டப்பாவைத் திறக்காமல் வாசியுங்கள். 75 காட்ட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இந்த எண் பெரிதாக மாறாது. 71 காட்டினால் நாலைக் கூட்டிக்கொள்ளலாம், அதுவும் அந்த எண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும். நாற்பதிலும் அதே நாலுதான் தவறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பத்துக்கு மேல் தவறுகிற மீட்டரைத் தூக்கிப் போடுங்கள். மழை மாதம் முழுக்க நனைந்த காற்றில் கிடந்தால் இந்த உணரிகள் மெல்ல விலகும், ஆகவே தை பிறந்ததும் உப்புச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும்.

அளவெடுக்கும் நேரத்தையும் அதே விதிகள் சொல்கின்றன: காலை 7 முதல் 9, முற்பகல் 11 முதல் பிற்பகல் 2, மாலை 4 முதல் 5.30. காலையில் மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடுபவர்களுக்கு மழைக்கால வெயில் அடிக்கும் நண்பகல் தெரியாமலே போகும். நோட்டில் ஈரப்பதத்தை மட்டும் எழுதாமல் இரண்டு வெப்பமானி அளவுகளையும் தனித்தனியே எழுதுங்கள். மூன்று வேளையும் இரண்டும் ஒன்றாகவே இருந்தால், அன்று மழை பெய்ததா என்று பாருங்கள். பெய்யாவிட்டால், அன்றே திரியை மாற்றுங்கள்.